5 லட்சம் கேட்டா 5 லட்சம் வராது: கன்ஸ்யூமர் கோர்ட்ல நஷ்டஈடு எப்படிக் கணக்காகுது?

என் சித்தி பையன் ஒருத்தன், வயசு 26. ரிப்பேர் கடை மேல கேஸ் போடணும்னு ஒரு டிராஃப்டோட என்கிட்ட வந்தான். நெட்ல எங்கேயோ எடுத்த மாதிரி. கடைசிப் பக்கத்துல, "எனக்கு ஏற்பட்ட கடும் மன உளைச்சலுக்கும் தொழில் இழப்புக்கும் நஷ்டஈடாக ரூ.5,00,000" என்று இருந்தது. "இந்த அஞ்சு லட்சம் எப்படிடா வந்துச்சு?"ன்னு கேட்டேன். "அண்ணா, அஞ்சு கேட்டாத்தானே அவங்க ஒண்ணாவது கொடுப்பாங்க" என்றான்.

இது அவன் ஒருத்தனோட நினைப்பு இல்லை. வக்கீல் நோட்டீஸ்களிலேயே இந்த மாதிரி ரவுண்டு தொகைகளைத் தொடர்ந்து பார்க்கிறேன். என் கருத்து நேர் எதிர். நுகர்வோர் ஆணையம் காய்கறி மார்க்கெட் இல்லை. அங்கே பேரம் பேசிப் பாதியில் முடிக்கிற பழக்கம் கிடையாது. நீங்க எழுதுற ஒவ்வொரு வரிக்கும் பின்னாடி ஒரு காகிதம் இருந்தால் அந்த வரி நிற்கும், இல்லைன்னா போகும். அவன் கேஸையே எடுத்து, எந்த வரி நின்றது, எது போச்சு என்று சொல்கிறேன்.

நடந்தது இதுதான்

இரண்டு வருஷத்துக்கு முன்னாடி 64,000 ரூபாய்க்கு வாங்கின லேப்டாப். வாரண்டி முடிஞ்சாச்சு. மூடித் திறக்கிற ஹின்ஜ் உடைஞ்சு போச்சு. அப்போ அவன் சென்னையில் இருந்தான். வீட்டுப் பக்கத்துல இருக்கிற, எல்லா பிராண்டும் பார்க்கிற ஒரு சர்வீஸ் கடையில் கொடுத்தான். ஜாப் ஷீட்ல "ஹின்ஜ் உடைவு, பவர் ஆன் ஆகிறது" என்று எழுதி அவனிடம் கையெழுத்து வாங்கினாங்க. ஹின்ஜும் டிஸ்ப்ளே கேபிளும் மாற்றி, ஜிஎஸ்டி சேர்த்து 5,900 ரூபாய் பில். யுபிஐல கட்டினான்.

மூணாவது நாள் லேப்டாப் ஆன் ஆகலை. திருப்பி எடுத்துட்டுப் போனதும், "மதர்போர்டு போச்சு, 22,000 ஆகும்" என்றார்கள். நீங்க திறந்த பிறகுதானே போச்சு என்று கேட்டதற்கு, "உள்ளே தண்ணி போயிருக்கு சார், லிக்விட் டேமேஜ்" என்று பதில்.

இந்த இடத்துலதான் பெரும்பாலானவங்க கோபத்துல அடுத்த கடைக்குப் போய், "எப்படியாவது சரி பண்ணிக் கொடுங்க"ன்னு கொடுத்துடுவாங்க. அதோட கேஸ் முடிஞ்சது. இரண்டாவது கடைக்காரர் திறந்து சாலிடரிங் பண்ணின பிறகு, யார் எதைக் கெடுத்தாங்கன்னு யாராலும் சொல்ல முடியாது. முதல் கடை அதையேதான் சொல்லும்: "நாங்க கொடுத்தப்போ நல்லா இருந்தது, வேற யாரோ கை வெச்சிருக்காங்க."

தம்பி ஒரு நல்ல காரியம் பண்ணினான். அந்த பிராண்டோட அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோய், ரிப்பேர் வேண்டாம், முதல்ல என்ன கோளாறுன்னு எழுத்துல கொடுங்கன்னு கேட்டான். கட்டணம் 1,180 ரூபாய். ரிப்போர்ட்டில் இரண்டு வரிகள்தான் முக்கியம். டிஸ்ப்ளே கேபிள் சொருகுற இடத்துல போர்டு ஷார்ட் ஆகிக் கருகியிருக்கு. திரவம் பட்ட அடையாளம் எதுவும் இல்லை. அப்புறம்தான் அங்கேயே போர்டு மாற்றினான். பில் 21,500. கழற்றின பழைய போர்டைக் கேட்டு வாங்கிப் பத்திரமா வெச்சுக்கிட்டான். நீங்களும் பழைய பாகத்தைக் கடையிலேயே விட்டுட்டு வராதீங்க. ஆணையம் பார்க்கணும்னு சொன்னால் காட்ட வேறு எதுவும் இருக்காது.

பெரிய தொகை எழுதுற பழக்கம் ஏன் வந்தது

இதுக்கு ஒரு காரணம் இருக்கு. 1986 சட்டத்துல, எந்த ஆணையத்துக்குப் போகணும் என்பதைப் பொருள் அல்லது சேவையோட மதிப்பையும் நீங்க கேட்கிற நஷ்டஈட்டையும் சேர்த்துத்தான் முடிவு பண்ணினாங்க. அதிகமா கேட்டால் மாநில ஆணையத்துக்குப் போகணும், கட்டணமும் கூடும். அதனால கேட்கிற தொகைக்கு ஒரு கடிவாளம் இருந்தது. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019 சட்டத்துல அது மாறிடுச்சு. இப்போ கணக்கு, நீங்க அந்தச் சேவைக்கு எவ்வளவு பணம் கொடுத்தீங்க என்பது மட்டும்தான். 50 லட்சம் வரைக்கும் கொடுத்திருந்தால் மாவட்ட ஆணையம். 5 லட்சம் வரைக்கும் கொடுத்திருந்தால் புகார்க் கட்டணமே கிடையாது.

தம்பி கொடுத்தது 5,900. அவன் 50,000 கேட்டாலும் கட்டணம் பூஜ்யம், 50 லட்சம் கேட்டாலும் பூஜ்யம். சும்மாதானே, பெரிசா எழுதுவோம் என்று எல்லாரும் எழுதுறாங்க.

ஆனால் கொடுக்கிற பக்கத்துச் சட்டம் மாறலை. எதிர்தரப்போட கவனக்குறைவால உங்களுக்கு ஏற்பட்ட இழப்பு அல்லது பாதிப்புக்குத்தான் ஆணையம் நஷ்டஈடு கொடுக்க முடியும். காசியாபாத் வளர்ச்சி ஆணையம் சம்பந்தப்பட்ட வழக்குல 2004-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவா சொல்லியிருக்கு. எல்லா கேஸுக்கும் ஒரே மாதிரி வட்டி, ஒரே மாதிரி நஷ்டஈடு என்று போடக் கூடாது. இழப்பு நடந்திருக்கா, எவ்வளவு, அதுக்கும் சேவைக் குறைபாட்டுக்கும் என்ன தொடர்பு என்று பார்த்து, காரணத்தோட தொகையைச் சொல்லணும்.

ஆக, உங்க புகார் மனுவோட கடைசிப் பக்கம் ஒரு எக்ஸ்பென்ஸ் கிளைம் மாதிரி இருக்கணும். ஆபீஸ்ல டிராவல் பில் போடுறப்போ "சுமார் 20,000 ஆச்சு"ன்னு எழுதினா பாஸ் பண்ணுவாங்களா?

அவன் கணக்கை உட்கார்ந்து போட்டோம்

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வாழைக்காய் பஜ்ஜியோட உட்கார்ந்தோம். அவன் பட்டியல்ல மொத்தம் ஏழு ஐட்டம். ஒவ்வொண்ணுக்கும் இரண்டே கேள்வி: காகிதம் எங்கே? கடை ஒழுங்கா வேலை செஞ்சிருந்தா இந்தச் செலவு வந்திருக்குமா?

போர்டு மாற்றின 21,500-க்கு ஜிஎஸ்டி பில் இருக்கு, பணம் கட்டின ரசீது இருக்கு. நிற்கும். ரிப்போர்ட்டுக்குக் கொடுத்த 1,180-ம் அப்படித்தான். இதுவே வெறும் எஸ்டிமேட்டா இருந்திருந்தால் எதிர்தரப்பு, "இன்னும் செலவே பண்ணலையே" என்று கேட்டிருக்கும்.

அவன் வேலை செய்யுறது ஒரு சின்ன கம்பெனி. லேப்டாப் அவங்கவங்களே கொண்டுவரணும். அதனால மாசம் 2,400 வீதம் மூணு மாசத்துக்கு வாடகை லேப்டாப் எடுத்திருந்தான், மொத்தம் 7,200. ரசீது இருக்கு, எழுதினோம். ஆனா அவனிடம் அப்பவே சொன்னேன், மூணு மாசமும் கிடைக்கிறது கஷ்டம். போர்டு மாற்ற இருபது நாள்தான் ஆச்சு. மீதி நாள், மாத்தலாமா வேண்டாமான்னு இவன் யோசிச்ச நாள். நஷ்டத்தைக் குறைச்சுக்க வேண்டிய பொறுப்பு நமக்கும் உண்டு.

முதல் ரிப்பேர் பில் 5,900. இதைத் திருப்பிக் கேட்கலாமா? நான் வேண்டாம்னேன். ஹின்ஜ் நல்லாத்தான் இருக்கு, இன்னும் அதைத்தான் பயன்படுத்துறான். கெட்டதைச் சரிபண்ணின செலவையும் கேட்டு, வேலை நடந்ததுக்கான கூலியையும் திருப்பிக் கேட்டால் இரண்டு தடவை கேட்ட மாதிரி. அவன் கேட்கலை, சேர்த்துட்டான்.

மூணு நாள் லீவுக்கு 4,200 சம்பள இழப்பு என்று எழுதியிருந்தான். பே ஸ்லிப்பை எடுத்துப் பார்த்தேன். கேஷுவல் லீவு போட்டிருக்கான், முழுச் சம்பளமும் வந்திருக்கு. இழப்பே இல்லை, அடிச்சுட்டோம். இதையே சம்பளப் பிடித்தத்தோட லீவு போட்டு, அது பே ஸ்லிப்ல தெரிஞ்சிருந்தால் நல்ல ஆதாரமா இருந்திருக்கும்.

அப்புறம் அந்தத் "தொழில் இழப்பு". லேப்டாப் இல்லாததால ஒரு வேலை தாமதமாகி, அப்ரைசல்ல ரேட்டிங் குறைஞ்சுதாம். உண்மையாவே இருக்கலாம். ஆனா மேனேஜர் அப்படி எழுதிக் கொடுப்பாரா? மாட்டார். கொடுத்தாலும், ஹின்ஜ் மாற்றின கடைக்காரர் இன்னொருத்தரோட அப்ரைசலுக்குப் பொறுப்பா என்ற கேள்வி வரும். அதையும் அடிச்சோம்.

மிச்சம் மன உளைச்சல். இதுக்கு பில் கிடையாது, ஆணையம் தன் மதிப்பீட்டுல போடுற தொகை. 5 லட்சத்தை 25,000-னு மாத்தி, எத்தனை தடவை கடைக்கு நடந்தான், வாட்ஸ்அப்ல என்ன பதில் வந்தது என்று தேதியோட எழுதினோம். வழக்குச் செலவுக்கு 10,000.

இங்கே எனக்கு ஆணையங்கள் மேலயும் ஒரு குறை இருக்கு. சின்ன ரிப்பேர் கேஸ்கள்ல மன உளைச்சலுக்கு ஐயாயிரம், பத்தாயிரம்னு ஒரு பழக்கத் தொகையைப் போட்டுட்டுப் போயிடுறாங்க. ஏன் அந்தத் தொகை என்று ஒரு வரி கூட இருக்காது. உச்ச நீதிமன்றம் சொன்ன காரணத்தோட கூடிய கணக்கு, நுகர்வோருக்கு மட்டும் பொருந்துற விதி இல்லையே. ஆனா அது மாறுற வரைக்கும், இந்த வரியை நம்பி கேஸ் போடாதீங்க. உங்க பலம் பில் இருக்கிற வரிகள்லதான்.

யார் மேல, எங்கே, எப்போ

கடை போர்டுல இருக்கிற பேர் பல சமயம் சட்டப்படி அந்தத் தொழிலோட பேரா இருக்காது. கவர்ச்சியா ஒரு பேர் எழுதியிருக்கும், உள்ளே உரிமையாளர் வேற ஒருத்தர். தப்பான பேர்ல கேஸ் போட்டால், ஜெயிச்ச பிறகு உத்தரவை நிறைவேற்றும்போது சிக்கல். பில்லுல இருக்கிற ஜிஎஸ்டி எண்ணை எடுத்து ஜிஎஸ்டி தளத்துல Search Taxpayer பகுதியில போட்டுப் பாருங்க. சட்டப்படியான பேர் வந்துடும். அதுக்கு லாகின் கூட வேண்டாம்.

இதுல ஒரு எச்சரிக்கை. சைடுல ஃப்ரீலான்ஸ் பண்ணுறவங்க, இன்புட் கிரெடிட் எடுக்கலாம்னு பில்லுல தங்களோட ஜிஎஸ்டி எண்ணைக் கொடுப்பாங்க. அப்படிக் கொடுத்தால் எதிர்தரப்பு, "இது வணிக நோக்கத்துக்கான சேவை, இவர் நுகர்வோரே இல்லை" என்று வாதாடும். சுயதொழில்ல பிழைப்புக்காகத் தானே பயன்படுத்துறது வணிக நோக்கம் ஆகாதுன்னு சட்டத்துல விளக்கம் இருக்கு, அதனால தோத்துடுவீங்கன்னு அர்த்தம் இல்லை. ஆனா தேவையில்லாத ஒரு சண்டையை நீங்களே ஆரம்பிச்சு வைக்கிறீங்க.

கேஸ் போடுறதுக்குள்ள தம்பிக்கு வேலை கோயம்புத்தூருக்கு மாறிடுச்சு. கடை சென்னையில். பழைய சட்டமா இருந்தா சென்னைக்குத்தான் அலையணும். இப்போ நீங்க வசிக்கிற அல்லது வேலை பார்க்கிற மாவட்டத்திலேயே போடலாம். கோயம்புத்தூர் மாவட்ட ஆணையத்துல ஆன்லைன்லயே தாக்கல் பண்ணினான். இப்போ அதுக்கான தளம் e-jagriti.gov.in. வக்கீல் கட்டாயம் இல்லை. புகார் மனு, பிரமாணப் பத்திரம், ஆவணங்கள், நம்பர் போட்ட ஒரு பட்டியல், அவ்வளவுதான். அதுக்கு முன்னாடி 1915 ஹெல்ப்லைன்ல ஒரு புகார், ரிஜிஸ்டர் தபால்ல ஒரு நோட்டீஸ். நோட்டீஸ் சட்டப்படி கட்டாயம் இல்லைன்னாலும், கேட்டும் கொடுக்கலைன்னு காட்ட அது உதவும்.

கால வரம்பு இரண்டு வருஷம், பிரச்சினை உருவான நாள்ல இருந்து. "பார்க்கிறோம் சார், மேலிடத்துல பேசியிருக்கோம்"னு கடைக்காரர் அனுப்புற மெசேஜால அந்த இரண்டு வருஷம் நீளாது.

உத்தரவு

கடை தரப்புல வக்கீல் வந்தார். பதில் மனுவுக்கு 30 நாள், ஆணையம் அனுமதிச்சா இன்னும் 15 நாள், அதுக்கு மேல கிடையாது. அதுக்குள்ள தாக்கல் பண்ணினாங்க. வாதம் அதே லிக்விட் டேமேஜ். ஆணையம் பார்த்தது ஜாப் ஷீட்டை. கேபிள் மாற்றணும்னா உள்ளே திறக்கணும். திறந்தப்போ தண்ணி பட்ட அடையாளம் இருந்திருந்தால் அப்பவே எழுதி வாடிக்கையாளருக்குச் சொல்லியிருக்கணும். ஜாப் ஷீட்ல "பவர் ஆன் ஆகிறது" என்று மட்டும் இருக்கு. அங்கீகரிக்கப்பட்ட சென்டரோட ரிப்போர்ட் வேற மாதிரி சொல்லுது. அதுக்கு எதிரா கடை எந்தத் தொழில்நுட்ப ஆதாரமும் கொடுக்கலை. சேவைக் குறைபாடு நிரூபணம்.

தொகை: போர்டு 21,500, ரிப்போர்ட் 1,180, வாடகை ஒரு மாசத்துக்கு மட்டும் 2,400. ஆக 25,080. அதுக்குப் புகார் தேதியில இருந்து பணம் கொடுக்கிற தேதி வரை 9 சதவீத வட்டி. மன உளைச்சலுக்கு 10,000, வழக்குச் செலவு 5,000. அந்த 5,900 நிராகரிப்பு, நான் சொன்ன அதே காரணம். (இதை அவனுக்கு இன்னும் ஞாபகப்படுத்திக்கிட்டு இருக்கேன்.)

சட்டம் மூணு மாசத்துல, பரிசோதனை தேவைப்பட்டா அஞ்சு மாசத்துல முடிக்க முயற்சி பண்ணணும்னு சொல்லுது. இவனுக்கு உத்தரவு வரவே 13 மாசம் ஆச்சு. இதை முன்னாடியே தெரிஞ்சுக்கிட்டு இறங்குங்க. 800 ரூபாய் மிக்ஸி ரிப்பேருக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன். அதுக்கு 1915-ல ஒரு புகார் போதும்.

ஆஸ்பத்திரி கேஸ்ல?

கணக்கு முறை அதேதான், ஆனா நிரூபிக்கிறது ரொம்பவே கடினம். சிகிச்சை பலிக்கலை என்பது மட்டும் குறைபாடு ஆகாது. அந்த நிலைமையில ஒரு சராசரித் திறமையுள்ள டாக்டர் செய்யக்கூடியதை இவர் செய்யலைன்னு காட்டணும். அதுக்கு முதல் ஆவணம் கேஸ் ஷீட். எழுத்துல கேட்டால் 72 மணி நேரத்துக்குள்ள மருத்துவப் பதிவுகளைக் கொடுக்கணும்னு மருத்துவ கவுன்சிலோட 2002 விதிகள் சொல்லுது. டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது. நர்ஸிங் நோட்ஸ், மருந்துச் சார்ட், ஒப்புதல் படிவம் எல்லாத்தையும் பேர் சொல்லிக் கேளுங்க.

தொகை எவ்வளவு மாறும் என்பதுக்கு ஒரு சென்னை வழக்கே இருக்கு. 1996-ல் எழும்பூர் அரசு மருத்துவமனையில் குறைமாதத்துல பிறந்த ஒரு பெண் குழந்தை. குறைமாதக் குழந்தைகளுக்கு விழித்திரைப் பரிசோதனை அவசியம். அதைப் பெற்றோருக்கு யாரும் சொல்லலை, குழந்தைக்குப் பார்வை போயிடுச்சு. தேசிய ஆணையம் கொடுத்தது 5 லட்சம். 2015-ல் உச்ச நீதிமன்றம் அதைச் சுமார் 1.8 கோடி ஆக்கியது.

36 மடங்கு எங்கிருந்து வந்தது? மன உளைச்சல் வரியில இருந்து இல்லை. அதுவரைக்கும் ஆன மருத்துவச் செலவுக்கு 42 லட்சத்துக்கு மேல. அந்தப் பெண்ணோட மீதி ஆயுள் முழுக்க ஆகப்போற மருத்துவச் செலவை, விலைவாசி உயர்வையும் சேர்த்துக் கணக்குப் போட்டு, 1.38 கோடி. எஸ்ஐபி கால்குலேட்டர்ல நீங்க தினமும் பார்க்கிற அதே கூட்டு வளர்ச்சிக் கணக்குதான். இந்த வருஷம் இவ்வளவு ஆச்சுன்னு காட்ட ஆதாரம் இருந்ததாலதான், அதை வெச்சு வருங்காலத்துக்கு நீட்ட முடிஞ்சது. ஆஸ்பத்திரி விஷயத்துல மருந்துக் கடை ரசீதை வீட்டுக்கு வந்ததும் கசக்கிப் போடுறவங்களுக்கு நான் சொல்றது இதுதான். தெர்மல் பிரிண்ட் ஆறு மாசத்துல அழிஞ்சுடும், அன்னைக்கே ஸ்கேன் பண்ணி வைங்க.

அரசு ஆஸ்பத்திரி என்றதும் ஒரு சந்தேகம் வரும். எல்லாருக்கும் முழுக்க இலவசமா சிகிச்சை கொடுக்கிற இடம் இந்தச் சட்டத்துக்குள்ள வராது. சிலரிடம் கட்டணம் வாங்கி, சிலருக்கு இலவசமா பார்க்கிற இடமா இருந்தால், இலவச நோயாளியும் நுகர்வோர்தான். 1995-லேயே உச்ச நீதிமன்றம் இதை முடிவு பண்ணிடுச்சு.

தம்பி கேஸுக்கு வர்றேன். கடைக்காரர் மேல்முறையீடு பண்ணலை. அதுக்கு 45 நாள்தான் அவகாசம், உத்தரவுத் தொகையில பாதியை முன்னாடியே கட்டணும். கட்டாம சும்மா இருந்தால், உத்தரவை மீறினதுக்கு ஒரு மாசத்துல இருந்து மூணு வருஷம் வரை சிறை, அல்லது குறைஞ்சது 25,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்னு சட்டத்துல இருக்கு. அவங்க வக்கீல் சொல்லியிருப்பார் போல. உத்தரவு வந்த அடுத்த மாசம் 42,713 ரூபாய்க்கு டிடி வந்தது. அதுல வட்டி மட்டும் 2,633.

அந்த வட்டியை ரிட்டர்ன்ல இதர வருமானத்துல காட்டணும்டான்னு சொன்னேன். "அண்ணா, நீங்க எந்தக் கட்சி?"ன்னு கேட்டான்.